பாத்திரப் பெட்டிக்கு சக்கரம் போட்ட கதை: ரெண்டு தடவ விட்டது, மூணாவது தடவ நின்னது

எங்க வீடு கும்பகோணம் பக்கம். கூடத்துல ஒரு பழைய பலாமரப் பெட்டி இருக்கு, பாட்டியோட சீதனமா வந்தது, உள்ள பூரா பித்தளை வெண்கலப் பாத்திரம். நீளம் 1050 எம்எம், அகலம் 530, உயரம் 560. பக்கப் பலகை எல்லாம் 25 எம்எம் கனம், அடிப்பலகை 20 எம்எம். வெறும் பெட்டியே ஏறக்குறைய 55 கிலோ வரும், பாத்திரத்த கொஞ்சம் கொஞ்சமா ஆள் ஏறி நிக்கற எடை மெஷின்ல வச்சு கூட்டிப் பாத்ததுல 125 கிலோ. ஆக மொத்தம் 180.

சக்கரம் எதுக்குன்னா, கரையான். பெட்டி சுவத்த ஒட்டி நின்னதால பின்னாடி என்ன நடக்குதுன்னே தெரியாது, ஒரு நாள் இழுத்துப் பாத்தா பெட்டிக்கு அடியில இருந்த ரெண்டு குறுக்குக் கட்டையும் உள்ள பொக்கையா போயிருந்துச்சு. பெட்டிய தொடல, கட்டைய மட்டும் தின்னுருக்கு. மாசம் ஒரு தடவ இழுத்து பின்பக்கம் பெருக்கி சுவத்த பாக்கணும்னா சக்கரம் வேணும்னு முடிவு பண்ணி, அந்த ரெண்டு கட்டையையும் தூக்கிப் போட்டுட்டு எந்தப் பக்கமும் திரும்பற, மேல தகடு வச்ச கேஸ்டர் வீல் வாங்கிட்டு வந்தேன். அந்தக் கட்டைய தூக்கிப் போட்டதுதான் மொதல் தப்பு, ஆனா அது புரிய எனக்கு ஏழெட்டு மாசம் ஆச்சு.

மொதல் தடவ 50 எம்எம் சக்கரம் வச்ச சின்ன கேஸ்டர் நாலு, ஒவ்வொன்னுக்கும் நாலு மர ஸ்க்ரூ, நேரா அடிப்பலகையில. பலகை 20 எம்எம்ங்கறதால ஸ்க்ரூவும் 20 எம்எம்தான் போட முடிஞ்சுது, அதுல கேஸ்டர் தகடு கனம் போக மரத்துக்குள்ள போனது 17, 18 எம்எம். நல்லா ஓடுச்சு, மொசைக் தரையில ஒரு கையால தள்ளலாம். நாலாவது மாசம் கூடத்துலேருந்து ரூமுக்குள்ள தள்ளும்போது வாசல்ல தரை மட்டம் ஒரு 6 எம்எம் ஏறும், அதுல முன் சக்கரம் முட்டி நின்னுச்சு, பெட்டி நிக்கல, ஒரு கேஸ்டர் நாலு ஸ்க்ரூவோட பேந்துகிட்டு வந்துடுச்சு.

புடுங்கிட்டு வந்த ஸ்க்ரூவ கையில எடுத்துப் பாத்தேன். மரையில புதுசா பிஞ்ச நார் இருந்திருந்தா ஒரே இழுப்புல வந்துருக்குன்னு அர்த்தம். ஆனா மரை பூரா மாவு மாதிரி மரத்தூள் அடஞ்சிருந்துச்சு, ஓட்டையும் வட்டமா இல்ல, தள்ளுற தெசையில நீளமா முட்டை மாதிரி ஆயிருந்துச்சு. அதாவது அந்த வாசப்படி கடைசி அடிதான், நாலு மாசமா ஒவ்வொரு தடவ தள்ளும்போதும் ஸ்க்ரூ ஆடி ஆடி மரத்த அரைச்சுகிட்டே இருந்துருக்கு. மத்த மூணு கேஸ்டரையும் கழட்டிப் பாத்தேன், ரெண்டுல இதே நிலைமைதான்.

சரி ஸ்க்ரூதான் பிரச்சன, போல்ட் போட்டா சரியாயிடும்னு ரெண்டாவது தடவ அதே கேஸ்டர கொஞ்சம் தள்ளி எம்6 போல்ட், உள்பக்கம் கடையில சேந்து வந்த சின்ன வாஷர், அதுமேல நட்டு. இது பேந்துகிட்டு வரல. ஆனா ரெண்டே மாசத்துல நட்டு லூஸாச்சு, டைட் பண்ணேன், மறுபடி லூஸு, மறுபடி டைட். ஒவ்வொரு தடவையும் வாஷர் மரத்துக்குள்ள கொஞ்சம் எறங்கும். கடைசியா அளந்தப்ப 2 எம்எம் பள்ளத்துல உக்காந்துருந்துச்சு. அந்த வாஷரோட வெளிவிட்டம் 12 எம்எம், நடு ஓட்டை போக மரத்துல படுற எடம் 80 சதுர எம்எம் கூட இல்ல, பலா மாதிரி கெட்டியான மரமா இருந்தாலும் நாரு குறுக்கால அமுக்கும்போது அவ்வளவு சின்ன எடத்துல அது நசுங்கத்தான் செய்யும்.

இன்னொரு அறிகுறியும் இருந்துச்சு, அப்ப எனக்கு அர்த்தம் தெரியல. பெட்டிய எங்க நிறுத்தினாலும் ஒரு சக்கரம் மட்டும் தானா ஒரே பக்கமா திரும்பி நிக்கும். நான் பேரிங்ல தூசின்னு எண்ணெய் எல்லாம் விட்டேன். விஷயம் என்னன்னா, சுத்துற கேஸ்டரோட நடு அச்சு செங்குத்தா இருந்தாத்தான் சக்கரத்துக்கு எல்லா தெசையும் ஒண்ணு. தகடு ஒரு பக்கம் சாஞ்சுட்டா சக்கரம் எந்தப் பக்கம் திரும்பினா பெட்டி தாழ எறங்குமோ அந்தப் பக்கமே அது போய் உக்காரும். ஒரு சக்கரம் பிடிவாதமா ஒரே தெசை காட்டுச்சுன்னா பேரிங்க சந்தேகப்படுறதுக்கு முன்னாடி தகடு மட்டமா இருக்கான்னு பாருங்க.

இந்த எடத்துலதான் எங்க தெரு ஆசாரியார கூப்பிட்டேன். அவரு பெட்டிய மல்லாக்க சாச்சு அடிய பாத்துட்டு கேட்ட மொதல் கேள்வி, "அடிக்கட்ட எங்க தம்பி?"

கரையான் தின்னுடுச்சுண்ணே, தூக்கிப் போட்டுட்டேன்னேன். அவரு ஒண்ணும் சொல்லாம டார்ச்ச அடிச்சு பக்கப் பலகையோட உள்முகத்த, அடிப்பலகைக்கு கீழ இருக்கற ஓரத்த காமிச்சாரு. பெட்டி பூரா வருஷக்கணக்குல கறுத்து காப்பிக்கொட்டை கலர்ல இருக்கு, ஆனா அந்த ஓரத்துல மட்டும் 4 எம்எம் அகலத்துக்கு பளிச்சுனு மஞ்சளா ஒரு கோடு, பலா மரத்த இன்னிக்குத்தான் அறுத்த மாதிரி. "இந்த மஞ்ச இத்தன நாளா பலகைக்குள்ள மறஞ்சு இருந்துது. உன் சக்கரம் அடிப்பலகைய மேல தள்ளிருக்கு, சுவரு கீழ எறங்கிருக்கு"ன்னாரு.

அப்பதான் பெட்டி எப்படி கட்டிருக்காங்கன்னு எனக்கு வெளங்குச்சு. அடிப்பலகை மூணு, நீளவாக்குல, ஒவ்வொன்னும் 160 எம்எம் அகலம். அதுங்க பக்கப் பலகைக்கு கீழ போகல, நாலு சுவருக்கு நடுவுல உக்காந்துருக்கு, வெளியிலேருந்து ஆணி அடிச்சு நிறுத்திருக்காங்க. சக்கரம் அடிப்பலகையில மட்டும் இருந்தா பாத்திர எடை நேரா சக்கரத்துக்கு போயிடும், ஆனா சுவரு, மூடி, இரும்புப் பட்டம் எல்லாம் சேந்து 40 கிலோவுக்கு மேல அந்த ஆணியில தொங்குது. ஒவ்வொரு தள்ளலுக்கும் ஆணி கொஞ்சம் வளையும், கொஞ்சம் கிழிக்கும். பழைய குறுக்குக் கட்டை ரெண்டும் முன் சுவர்லேருந்து பின் சுவர் வரைக்கும் முழு அகலத்துக்கு இருந்துச்சு, சுவரும் அதுமேல நின்னுச்சு, அடிப்பலகையும் அதுமேல நின்னுச்சு, ஆணிக்கு வேலையே இல்ல. நான் ஸ்க்ரூ, வாஷர்னு பாத்துகிட்டு இருந்தேன், எடை எந்த வழியா தரைக்கு போகுதுன்னு பாக்கல.

அதனால மூணாவது தடவ யோசன ரொம்ப நேரடியானது. கட்டை இருந்த அதே எடத்துல இரும்புப் பட்டை, முன் சுவர்லேருந்து பின் சுவர் வரைக்கும். 100 எம்எம் அகலம் 6 எம்எம் கனத்துல எம்.எஸ். பட்டை, 530 எம்எம் நீளத்துல ரெண்டு துண்டு, ரெண்டும் சேந்து 5 கிலோ. ஒவ்வொரு பட்டையோட ரெண்டு முனையிலயும் ஒவ்வொரு கேஸ்டர். உள்பக்கம் வாஷருக்கு பதிலா 100க்கு 100ல 5 எம்எம் தகடு, ஒவ்வொரு கேஸ்டருக்கும் ஒண்ணு, நாலு போல்ட்டும் அந்த ஒரே தகட்ட பிடிக்கும். ஒரு போல்ட்டுக்கு மரத்துல படுற எடம் 80லேருந்து ஏறக்குறைய 2500 சதுர எம்எம் ஆகுது, முப்பது மடங்கு. அதவிட முக்கியம், நாலு போல்ட்டும் ஒரே தகட்டுல இருக்கறதால ஒண்ணு மட்டும் தனியா எறங்க முடியாது, கேஸ்டர் சாயறதுக்கு வழியில்ல.

கேஸ்டரும் மாத்தினேன். 180 கிலோவ நாலால வகுத்து 45னு வாங்கக்கூடாது, மூணால வகுக்கணும், ஏன்னா தரை எங்கயும் நூத்துக்கு நூறு மட்டம் கெடையாது, பல நேரம் மூணு சக்கரந்தான் எடைய தாங்கும். 60 வருது, வாசப்படியில இடிக்கற அதிர்ச்சிக்கும் சேத்து ஒண்ணுக்கு 100 கிலோ தாங்குறதா வாங்கினேன். சக்கரம் 100 எம்எம், பாலியூரித்தேன் டயர். நைலான் சக்கரம் லேசா ஓடும் ஆனா மொசைக்ல கடகடன்னு சத்தம், கறுப்பு ரப்பர் ஒரே எடத்துல மாசக்கணக்குல நின்னா தரையில கறை விடும். விட்டத்துக்கு ஒரு கணக்கு இருக்கு: 45 கிலோ ஏத்தின 50 எம்எம் சக்கரம் 6 எம்எம் மேடு ஏறணும்னா ஏறக்குறைய 39 கிலோ இழுப்பு வேணும், அதே மேட்டுக்கு 100 எம்எம் சக்கரத்துக்கு 24 கிலோ போதும். அந்த இழுப்பு பூரா போல்ட்டுலதான் வந்து விழும்ங்கறதால சக்கரம் பெருசாக பெருசாக போல்ட்டுக்கும் மரத்துக்கும் நிம்மதி.

கேஸ்டர் எங்க உக்காரணும்ங்கறதுதான் அரை நாள் யோசிக்க வச்சுது. ஓரமா வச்சா பெட்டி சாயாது, ஆனா போல்ட்டு 25 எம்எம் சுவருக்குள்ள போயிடும், உள்ள ஸ்பேனர் போக எடம் இருக்காது. என் கேஸ்டர் தகட்டுல ஓட்டைக்கு ஓட்டை 80க்கு 60 எம்எம். சுவரோட உள்முகத்துலேருந்து மொத ஓட்டை 20 எம்எம் தள்ளி வச்சேன், 13 நம்பர் பாக்ஸ் ஸ்பேனர் அதுல சரியா நுழையுது. அப்படி வச்சா நாலு போல்ட்டும் ஒரே அடிப்பலகைக்குள்ளயே வருது, ரெண்டு பலகை சந்துல விழல. கேஸ்டர் நடு, பெட்டி வெளி ஓரத்துலேருந்து 75 எம்எம். சக்கரம் திரும்பும்போது நடுவுலேருந்து 85 எம்எம் வரைக்கும் வீசும், அதனால வெளிய திரும்பினா ஒரு 10 எம்எம் பெட்டிக்கு வெளிய எட்டிப் பாக்கும், பரவால்ல. ஆனா நாலும் உள்ள திரும்பி நின்னா சக்கரம் தரையில படுற எடம் ஓரத்துலேருந்து 110 எம்எம் உள்ள போயிடும், அப்ப பெட்டி நிக்கற அகலம் 530 இல்ல, 310தான். உயரமான ஒல்லியான பெட்டியா இருந்தா இது ஆபத்து. எங்க பெட்டி அகலம், அடி கனம், அதனால தாங்குது.

ஓட்டை போட்டது வெல்டிங் பட்டறையில, ஸ்டாண்ட் ட்ரில் இருக்கறதால. கேஸ்டர் தகட்டையே அச்சா வச்சு பட்டையில குறிச்சு, பஞ்ச் அடிச்சு, மொதல்ல 4 எம்எம், அப்புறம் 9. எம்8 போல்ட்டுக்கு 9 எம்எம் ஓட்டை. உள்தகட தனியா அளந்து ஓட்டை போடாதீங்க, ஒண்ணு அரை எம்எம் நகந்தாலும் நாலாவது போல்ட்டு நுழையாது. உள்தகட பட்டை மேல வச்சு க்ளாம்ப் போட்டு ரெண்டையும் சேத்தே துளைக்கணும். துளைச்சதும் பட்டையிலயும் தகட்டுலயும் ஒரே நம்பர பஞ்ச்சால அடிச்சு, எந்த ஓரம் சுவர் பக்கம்னு ஒரு கோடும் போட்டுடணும், ஏன்னா தகட்ட கவுத்துப் போட்டா ஓட்டை சேராது, வீட்டுல வந்து எது எந்தப் பக்கம்னு திருப்பித் திருப்பிப் பாத்துகிட்டு இருக்க வேண்டியதா போகும். அப்புறம் ஓட்டை ஓரத்து பிசிற பெரிய பிட்டால ஒரு சுத்து சுத்தி எடுத்தோம், இல்லன்னா அந்த பிசிறே தகட்ட மரத்துல மட்டமா உக்கார விடாது. ரெண்டு பக்கமும் ஓட்டைக்குள்ளயும் ரெட் ஆக்சைடு அடிச்சு ஒரு நாள் காய விட்டேன். மரத்துக்கும் இரும்புக்கும் நடுவுல ஈரம் நின்னா வெளிய வர வழியில்ல.

பெட்டிய காலி பண்ணி, மூடிய கீலோட கழட்டி, பழைய மெத்தை மேல பின்பக்கமா சாச்சோம். சாய்க்கறதுக்கு முன்னாடியே ஆசாரியார் உள்ளேருந்து ஒரு கட்டைய வச்சு சுத்தியலால அடிப்பலகைய ஓரமா தட்டித் தட்டி எறக்கினாரு, அந்த 4 எம்எம் மஞ்சக் கோடு மறையற வரைக்கும். பட்டைய வச்சு பாத்தப்ப சுவரும் பலகையும் ரெண்டும் பட்டையில ஒட்டுச்சு. ஒரு மூலையில மட்டும் பலகைக்கும் பட்டைக்கும் ஒரு எம்எம் இடைவெளி, அத போல்ட்டு இழுத்துக்கும்னு விட்டுட்டோம். சுவருக்கும் பட்டைக்கும் இடைவெளி இருந்தா மட்டும் விடக்கூடாது, அங்க தகரத்துண்டு சொருகியே ஆகணும், இல்லன்னா எடை மறுபடி ஆணிக்கே போயிடும்.

மரத்துல ஓட்டை பட்டைய வழியா வச்சு கீழேருந்து துளைச்சோம். உள்பக்கம் ஒரு வேஸ்ட் பலகைய ஒருத்தர் அழுத்திப் பிடிச்சுக்கணும், இல்லன்னா பிட்டு வெளிய வர்ற எடத்துல மரம் சிலும்பா பிச்சுக்கும், அந்த சிலும்புமேலதான் நம்ம தகடு உக்காரணும்.

போல்ட்டு எந்தப் பக்கம் தலை, எந்தப் பக்கம் நட்டுங்கறதுல ஆசாரியாருக்கும் எனக்கும் சின்ன வாக்குவாதம். பாத்திரத்துல இடிக்காம இருக்க தலைய உள்ள வச்சு நட்ட கீழ வைக்கலாம்னு அவரு. ஒண்ண அப்படி மாட்டி சக்கரத்த சுத்திப் பாத்தோம், ஒரு எடத்துல டக்குனு நின்னுச்சு. நட்டுக்கு வெளிய நீட்டிகிட்டு இருந்த போல்ட் நுனி கேஸ்டரோட கவட்டையில இடிக்குது. எம்8 போல்ட் தலை 5 எம்எம் சொச்சம், கழண்டுக்காம இருக்க உள்ள நைலான் வளையம் வச்ச நைலாக் நட்டும் நீட்டின நுனியும் சேந்தா 12 எம்எம் தாண்டும். அதனால தலை கீழ, நட்டு உள்ள. கேஸ்டர் தகட்டுல ஓட்டை வட்டமா இல்லாம நீளமா இருக்கும், போல்ட் தலை அதுல ரெண்டு ஓரத்த மட்டும் தொட்டுகிட்டு நிக்கும், அதனால தலைக்கு அடியில ஒரு கனமான வாஷர் அவசியம். மொத்த வேலையில வாஷர் உண்மையிலேயே தேவைப்பட்ட எடம் இதுதான்னு சொல்வேன், மர பக்கம் தகடு பாத்துக்குது.

நீளம் கணக்கு போட்டே வாங்குங்க: வாஷர் 2, கேஸ்டர் தகடு 3, பட்டை 6, பலகை 20, உள்தகடு 5, உள் வாஷர் ஒன்றரை, நைலாக் நட்டு 8, அதுக்கு மேல ரெண்டு மரை வெளிய தெரியணும், ஆக 48. நான் 50 எம்எம் வாங்கினேன், முழு நீளத்துக்கும் மரை உள்ளது. உள்ள தகட்டோட சேத்து 19 எம்எம் நீட்டுது, அதனால அடியில 20 எம்எம் ரீப்பர் நாலு போட்டு அதுமேல ப்ளைவுட் விரிச்சாச்சு, பாத்திரம் நட்ட தொடாது.

டைட் பண்ணும்போது ஒரே போல்ட்ட முழுசா முறுக்காம எதிர் மூலை எதிர் மூலையா கொஞ்சம் கொஞ்சமா. எப்ப போதும்னு தெரிஞ்சுக்க ஒரு காலண்டர் தாள கிழிச்சு உள்தகடு ஓரத்துல சுத்தி சொருகிப் பாத்தேன், எங்கயும் நுழையலன்னா தகடு முழுசா உக்காந்துடுச்சு, அதுக்கப்புறம் ஒரு கால் சுத்து, அவ்வளவுதான். பட்டையோட ரெண்டு முனையிலயும் சுவர் பலகைக்குள்ள ஏறுற மாதிரி 50 எம்எம் மர ஸ்க்ரூ ஒண்ணு போட்டோம். கைப்பிடிய பிடிச்சு தூக்கினா சுவரு பட்டையையும் சேத்து தூக்கணும், அதுக்கு. பட்டையோட நடுவுல போல்ட்டே போடல, வேணும்னேதான். மூணு பலகையும் மழைக்கு ஊறி வெயிலுக்கு சுருங்கும், நடுவுலயும் பூட்டினா எங்கயாவது பிளந்துதான் அந்த அசைவு வெளிய வரும்.

நைலாக் போட்டா நட்டு கழண்டு விழாது, ஆனா அழுத்தம் கொறையாதுன்னு அர்த்தம் இல்ல. மரம் சுருங்கினா நட்டு சுத்தாமலே லூஸாகும், ஸ்ப்ரிங் வாஷர் போட்டாலும் அது விரியற அளவுக்கு மேல மரம் சுருங்கும். அதனால கையால பாக்கணும். மூணு வாரம் கழிச்சு ஸ்பேனர் வச்சேன், எல்லாம் கால் சுத்து வாங்குச்சு. சித்திரை வெயில் முடிஞ்சு பாத்தப்ப சுவரோரம் இருக்கற நட்டுங்க மட்டும் கிட்டத்தட்ட அரை சுத்து. ஐப்பசி மழைக்கு அப்புறம் ஒண்ணுமே வாங்கல. அந்த மஞ்சக் கோடு எங்கயும் மறுபடி தெரியல, டார்ச் அடிச்சு பாத்தேன்.

பாத்திரம் எல்லாம் ஏத்தி நிறுத்தினதும் நாலு சக்கரத்தையும் கையால சுத்திப் பாத்தேன். பின்னாடி இடது சக்கரம் தரையில படாம சும்மா சுத்துச்சு. அது பெட்டி கோணல் இல்ல, அந்த எடத்துல தரை பள்ளம், ரெண்டடி தள்ளி நிறுத்தினா வேற சக்கரம் சுத்துது. பெட்டி வழக்கமா நிக்கற எடத்துக்கு ஏத்த மாதிரி அந்த கேஸ்டருக்கும் பட்டைக்கும் நடுவுல ஒன்றரை எம்எம் தகடு ஒண்ணு வச்சு சரி பண்ணேன். நிறுத்தற ப்ரேக் உள்ள கேஸ்டர் ரெண்டு, முன்னாடி, கால் எட்டற எடத்துல. வாங்கும்போது ப்ரேக் சக்கரத்த மட்டும் பிடிக்குதா, திரும்பறதையும் சேத்துப் பிடிக்குதான்னு கேட்டு வாங்குங்க, சக்கரத்த மட்டும் பிடிச்சா மூடிய தூக்கும்போது பெட்டி பக்கவாட்டுல ஆடும்.

இப்ப அதே வாசப்படிய வாரம் ஒரு தடவ தாண்டுது. நேரா முட்டாம லேசா கோணலா தள்ளறோம், ஒவ்வொரு சக்கரமா ஏறும், கையையும் மூடி மேல வைக்காம கைப்பிடி உயரத்துல வச்சு தள்ளினா பெட்டி முன்னாடி கவுற மாதிரி வராது. முற்றத்துக்கு எறங்கற படி 40 எம்எம், அதுல சக்கரத்துல எறக்க முயற்சி பண்ணல, பண்ணவும் மாட்டேன். போன மாசம் வெயில்ல காய வைக்க வெளிய கொண்டு போனப்ப பாத்திரத்த எறக்கிட்டு நாலு பேரு பட்டையோட முனைய பிடிச்சு தூக்கி வச்சோம், பெட்டி பின்னாடி நின்ன சுவத்துல தரையிலேருந்து ஒரு சாண் உயரத்துக்கு புதுசா ஒரு மண் கோடு ஏறியிருந்துச்சு, அத அன்னிக்கே சுரண்டி மருந்து அடிச்சாச்சு.